பதிமூன்றாம் நடைமேடை

ஜனவரி 9

வருங்காலச் சம்பந்தியம்மா அவர்களின் மேலான சமூகத்துக்கு,

பெண்ணின் தாய்மாமன், ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக், இந்த ஊரின் உயரமான கட்டடங்களையெல்லாம் ஒற்றைத் திருப்புளியால் ஆண்டு அனுபவித்த சக்கரவர்த்தி எழுதிக்கொள்வது. நாங்கள் அனைவரும் நலம். உங்கள் வீட்டு நாற்காலி ஒன்றின் கால் ஆடுகிறது. அதில் நான் உட்கார்ந்த பிறகுதான் ஆடத் தொடங்கியது என்று என் அக்கா சொல்கிறாள். நம்ப வேண்டாம்.

அன்று நீங்கள் எங்களை உபசரித்ததை நான் எட்டுத் தெருவுக்குச் சொல்லிவிட்டேன். ஒன்பதாவது தெருவில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். மாப்பிள்ளையையும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. வாயில்லாப் பிராணிகளுக்கு வைத்தியம் பார்ப்பவர், அந்த மரியாதைக்குத் தாமும் வாய் திறக்காமலே இருந்தார்.

இனி விஷயம். இதைக் கேட்கத்தான் என் அக்கா மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தாள். பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் போட்ட சட்டங்கள் பின்வருமாறு இருந்தன. "வேணும்"னு எழுதக் கூடாது, "முடியுமா"ன்னு எழுதணும். தரகர் காதில் விழக் கூடாது, விழுந்தால் அவர் அதை நிபந்தனை என்று அடுத்த வீட்டில் போய்ச் சொல்லுவார். பிடித்திருக்கிறது என்று நீங்கள் சொன்ன பிறகு கேட்க வேண்டும், நாள் குறிப்பதற்கு முன் கேட்க வேண்டும். முன்னால் கேட்டால் திமிர், பின்னால் கேட்டால் மோசடி. போனில் கேட்கவே கூடாது. இத்தனைக்கும் நடுவில் ஒரு ஊசி போகிற இடம்தான் இருக்கிறது. என் உடம்பைப் பார்த்திருக்கிறீர்கள்.

கேள்வி இதுதான். எங்கள் முட்டைக்கண்ணி, அதாவது என் அக்கா மகள், பெரிய ஆஸ்பத்திரியில் செயற்கைக் கண் செய்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அதே ஆஸ்பத்திரியில் அதே வேலையைத் தொடர உங்கள் குடும்பத்தின் சம்மதம் கிடைக்குமா? உங்கள் ஊரிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். காலையில் போய் விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவாள். இது எங்கள் வேண்டுகோள். நிபந்தனை அல்ல என்று என் அக்கா இந்த இடத்தில் இரண்டு கோடு போடச் சொல்கிறாள். போட்டுவிட்டேன்.

இன்னொன்று. கிளம்பும்போது உங்கள் வீட்டுக்காரர் "பஸ்ஸுலயே போங்க, ரயிலெல்லாம் நம்ப முடியாது" என்று மூன்று தடவை சொன்னார். அக்காவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது, அதனால் ஸ்டேஷனுக்கே போனோம். அன்று முழுக்க ஒரு வார்த்தையும் பேசாத நீங்கள் வாசலில் வண்டியருகே நின்று "பார்த்து ஏறுங்க" என்றீர்கள். அவ்வளவுதான். எனக்கு முதுகுத்தண்டில் யாரோ ஐஸ் கட்டி வைத்த மாதிரி இருந்தது. இந்தக் குரலை எனக்குத் தெரியுமே, எங்கே, எங்கே என்று வழியெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்ததும் கூரையிலிருந்து அதே குரல், "பார்த்து ஏறுங்கள்" என்றது. எழுந்து நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நீங்கள் இல்லை. அக்கா, "ஒக்காருடா, ஊரே பாக்குது" என்றாள்.

பேய் பிசாசுக்கெல்லாம் நான் பயப்படுகிறவன் இல்லை. அவைதான் எனக்குப் பயப்படும். ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.

பணிவுடன்,
பெண்ணின் மாமன்


ஜனவரி 16

மதிப்புக்குரிய அண்ணா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. அனைவரும் நலம்.

தாங்கள் கேட்டதைப் பற்றி வீட்டில் பேசினோம். பெண் வேலைக்குப் போவதில் எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. இருந்தாலும் எங்கள் வீட்டுக்கு வருகிற பெண் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற அவசியம் கிடையாது. முதலில் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாள் குறிக்க எப்போது வருகிறீர்கள் என்று தெரிவிக்கவும்.

இங்ஙனம்,
மாப்பிள்ளையின் தாயார்

பின்குறிப்பு. மேலே உள்ளது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. அவர் படித்துப் பார்த்துவிட்டு மருந்துக் கடைக்குப் போய்விட்டார். தபால் பெட்டியில் போடுவது என் வேலை. அதனால் இதைச் சேர்க்கிறேன்.

அண்ணா, தயவுசெய்து அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள். இன்னும் குறிப்பாகக் கேளுங்கள். நான் கேட்கச் சொன்னதாக யாருக்கும் தெரிய வேண்டாம்.

ஸ்டேஷனில் நீங்கள் கேட்டது பேய்க் குரல் இல்லை. பேய்க் குரல் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.


ஜனவரி 21

(இந்த மேல் தாள் சபையில் வாசிக்க. கீழ்த் தாள் உங்களுக்கு மட்டும்.)

மரியாதைக்குரிய சம்பந்தி வீட்டார் அனைவருக்கும்,

ஆட்சேபணை இல்லை என்ற தங்கள் பெருந்தன்மையைக் கேட்டு எங்கள் தெருவில் மரங்கள் பூத்துவிட்டன. ஆனால் ஆஸ்பத்திரி என்று ஒரு இரக்கமற்ற இடம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பின் இருப்பாளா மாட்டாளா என்று அவர்களுக்கு இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டுமாம். போவதானால் இப்போதே நோட்டீஸ் கொடுத்து, இன்னொருவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். "பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆஸ்பத்திரிக்கு எழுத முடியவில்லை. அதனால்தான் மறுபடி தொந்தரவு.

கல்யாண லீவு முடிந்ததும் அவள் திரும்பிப் போகலாமா? வண்டி தாமதமாகி இருட்டிய பிறகு வீடு வந்தால் யாருக்கும் முகம் சுருங்காமல் இருக்குமா? குழந்தை குட்டி என்று ஆனால், லீவு எடுத்துவிட்டுத் திரும்பிப் போவாளா, அத்தோடு நிறுத்தச் சொல்வீர்களா? மாப்பிள்ளையின் சொந்த அபிப்பிராயம் என்ன? இவ்வளவுதான். தவறாக நினைக்க வேண்டாம், நினைத்தால் என்னை மட்டும் நினைக்கவும். எனக்குப் பழக்கம்.

*

அம்மா, இது கீழ்த் தாள்.

உங்கள் பின்குறிப்பைப் படித்துவிட்டு நான் அன்று சாப்பிடவில்லை என்று எழுத ஆசை. சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு கோளாறு உண்டு. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும். மேலேயும் போகாது, கீழேயும் வராது. வெளியே இருப்பவர்கள் கொஞ்ச நேரம் பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டுப் படியேறிப் போய்விடுவார்கள். உள்ளே ஒரு ஆள் இருப்பது உள்ளே இருக்கிற ஆளுக்கு மட்டும்தான் தெரியும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதைப் படித்ததும் எனக்கு அந்த லிஃப்ட்தான் ஞாபகம் வந்தது.

முட்டைக்கண்ணியிடம் உங்கள் வீட்டுப் பதிலைக் காட்டினேன். படித்துவிட்டு, "மாமா, இது மாட்டேன்றதுக்கு மரியாதையான பேரு" என்றாள். அக்கா, "கேட்டுக் கேட்டே நல்ல இடத்த கெடுக்கப் போறீங்க ரெண்டு பேரும்" என்று அழுகிறாள்.

அவள் வேலை செய்வதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து ஒரு கண் இல்லாத ஒரு சிறுமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இவள் எதிரே முட்டிக்கு முட்டி உட்கார்ந்து, அந்தக் குழந்தையின் இன்னொரு கண்ணைப் பார்த்துப் பார்த்து ஒற்றை முடித் தூரிகையால் வண்ணம் வைக்கிறாள். வெள்ளை விழியில் ரத்த நாளத்துக்குச் சிவப்புப் பட்டு இழையைப் பிரித்துப் பிரித்து ஒட்டுகிறாள். விளக்கு வெளிச்சத்தில் செய்தால் வெயிலில் நிறம் காட்டிக்கொடுத்துவிடுமாம், அதனால் பகல் வெளிச்சம் மட்டும். குழந்தை முகம் வளர வளர இந்தக் கண் போதாமல் போகும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது அந்தச் சிறுமி தேடப் போவது இவளைத்தான். இவள் இல்லாவிட்டால் கடையில் கிடைக்கிற ஆயத்தக் கண்ணைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அது யாரையும் பார்க்காது, முறைக்கும்.

இதற்குத்தான் கேட்கிறோம். நீங்கள் எதற்குக் கேட்கச் சொல்கிறீர்கள் என்று மட்டும் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

மாமன்


ஜனவரி 25

அண்ணா,

இந்த முறை மேல் தாள் இல்லை. அவர் பதில் எழுத வேண்டாம் என்றுவிட்டார். உங்கள் கடிதத்தைப் படித்ததும், "இது சம்பந்தம் பேசறதா, சாட்சிக் கூண்டுல ஏத்தறதா? ஆட்சேபணை இல்லன்னு சொன்னப்புறம் இன்னும் என்ன?" என்றார். பையனைக் கேட்டேன். "அப்பா சொல்றதுதாம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு மாட்டுக்குக் காய்ச்சல் என்று கிளம்பிவிட்டான்.

அந்தக் கேள்வி மட்டும் எங்கேயும் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் எங்கள் மூன்று பேருக்கு நடுவில் நாலாவது ஆளாக உட்கார்ந்திருக்கிறது. யாரும் அதன் பக்கம் திரும்புவதில்லை. தண்ணீர் ஜாடியைக்கூட அதைச் சுற்றித்தான் நகர்த்துகிறோம்.

நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன். ஸ்டேஷனில் கேட்ட குரல் என்னுடையது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் அங்கே அறிவிப்பாளராக இருந்தேன். சிறிய அறை, ஒரு மைக், ஜன்னல் வழியாகப் பார்த்தால் எல்லா நடைமேடையும் தெரியும். என்னைப் பெண் கேட்டு வந்தபோது என் அப்பா உங்களைப் போலவே மிகவும் பணிவாகக் கேட்டார். பொண்ணு வேலையைத் தொடரலாமா என்று. என் மாமனார் சிரித்த முகத்தோடு, "அதுக்கென்ன, பார்த்துக்கலாம்" என்றார். என் அப்பாவுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். நாங்கள் இருவரும் அதைப் பதில் என்று நினைத்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர், அன்றைய மாப்பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நான் லீவு கேட்டபோது என் அதிகாரி, "நீ திரும்பி வர்ற வரைக்கும் உன் குரல பதிஞ்சு வெச்சுக்கறோம்மா" என்றார். தற்காலிக ஏற்பாடு. சுவரெல்லாம் கம்பளி அடித்த ஒரு அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார வைத்தார்கள். எண்கள் தனியாக, ஊர்ப் பெயர்கள் தனியாக. ஒவ்வொரு ஊரையும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டும், வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி, முடிவில் ஒரு மாதிரி. பிறகு வெட்டி வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். "சிரிச்சுக்கிட்டே படிம்மா, சிரிச்சா குரல்ல தெரியும்" என்றார். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சிரிக்கச் சொல்லவே தேவையில்லை.

லீவு முடிந்த அன்று மாமனார், "இப்ப என்ன அவசரம், பார்த்துக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு ஒரு பார்த்துக்கலாம், அதற்குப் பிறகு பையன். வேலை போய்விட்டது. குரல் அங்கேயே இருந்துவிட்டது.

காற்று இந்தப் பக்கம் அடித்தால் சமையலறை ஜன்னலில் கேட்கும். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பேன், அந்தப் பெண் அங்கே சிரித்துக்கொண்டே வண்டி அனுப்புவாள். எனக்கு முடி நரைத்துவிட்டது, அவளுக்கு நரைக்கவில்லை. அவளுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை. லீவு முடிந்து திரும்பி வரப் போவதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் போன பிறகும் அவள் நினைத்துக்கொண்டுதான் இருப்பாள். எங்கள் இருவரில் யார் பேய் என்று எனக்கே தெரிவதில்லை.

வெளியாட்கள் முன்னால் நான் அதிகம் பேசாதது இதனால்தான். கடைக்குப் போனால் "உங்க குரல எங்கயோ கேட்டிருக்கேனே" என்பார்கள். அவர் முகம் மாறிவிடும். அவர் ரயிலில் ஏறுவதே இல்லை. பையனுக்கு இதெல்லாம் தெரியாது. படித்த காலமெல்லாம் அந்த ஸ்டேஷனிலிருந்துதான் தினமும் வண்டி ஏறினான்.

எனக்கு நடந்தது போல உங்கள் பெண்ணுக்கு நடந்துவிடக் கூடாது என்றுதான் கேட்கச் சொன்னேன். பதில் வாங்கிக் கொடுக்க எனக்குத் தைரியம் இருக்கிறதா என்று தெரியவில்லை.


ஜனவரி 27

அம்மா,

நான் இன்று உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு வந்தேன். வீட்டுக்கு வரவில்லை, மன்னிக்கவும். எங்கும் போவதற்காக வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குத் தெரியும், எனக்கு எதையும் பத்து மடங்காக்கிச் சொல்லித்தான் பழக்கம். ஒரு பூனையைப் பார்த்தால் சிறுத்தை என்பேன். இதை மட்டும் எப்படிப் பெரிதாக்குவது என்று தெரியவில்லை. இருக்கிறபடியே எழுதுகிறேன்.

ஒரு கிழவர் எந்த நடைமேடை என்று தெரியாமல் நின்றார். அந்தக் குரல் சொன்னதும் தலையாட்டிவிட்டுப் போனார், வீட்டுப் பெண் சொன்ன மாதிரி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடச் சேர்ந்து சொன்னார்கள், "பார்த்து ஏறுங்கள்" என்று. முதலாம் நடைமேடையிலிருந்து பன்னிரண்டாம் நடைமேடை வரை நீங்கள். எங்கள் ஊர் வண்டி பதிமூன்றிலிருந்து. அதற்கு மட்டும் வேறு ஒருத்தி. நன்றாகத்தான் சொல்கிறாள், ஆனால் யாரோ அறைக்குள் வந்து விளக்கை அணைத்த மாதிரி இருந்தது. டீக்கடைக்காரரைக் கேட்டேன். "பதிமூணு அப்புறமா கட்டுனதுங்க. பழைய அம்மா அதுக்குப் பேசல. செத்துப் போயிட்டாங்களாம்" என்றார்.

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

முட்டைக்கண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் ரகசியத்தை உடைத்ததற்குத் திட்டுங்கள். அவள் உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். பிறகு சொன்னாள்: "அத்தைய இதுக்கு மேல கஷ்டப்படுத்தாதீங்க மாமா. எனக்கு வேற யாரும் பதில் சொல்ல வேண்டாம், அவரே சொல்லட்டும். சரின்னா சரி, இல்லன்னா இல்ல. இல்லன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன், கல்யாணம் வேண்டாம்னு மட்டும் சொல்லிடுவேன். பார்த்துக்கலாம்னா அதையும் இல்லன்னுதான் எடுத்துப்பேன்." வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுக்க வேண்டும்.

நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் எங்களுக்கு உங்கள் மேல் வருத்தம் இல்லை. இதைக் கொஞ்சமும் மிகைப்படுத்தாமல் சொல்கிறேன்.

மாமன்


ஜனவரி 30

அண்ணா,

தபால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராதோ என்று பயந்து, உங்கள் ஊர்ப் பக்கம் மாடு பார்க்கப் போகிற என் மகன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். இதை அவன்தான் உங்களிடம் தருவான். அவனை உட்கார வைத்துவிட்டுப் படியுங்கள். ஆடாத நாற்காலியில்.

உங்கள் கடிதத்தில் "செத்துப் போயிட்டாங்களாம்" என்ற இடத்தை நான் பலமுறை படித்தேன். பிறகு அவரிடமும் பையனிடமும், "சாயங்காலம் ஸ்டேஷன் வரைக்கும் போகணும், ரெண்டு பேரும் வாங்க" என்றேன். "யாரைக் கூப்பிட?" என்றான் பையன். "வந்து பாரு" என்றேன். நான் இப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. அதனாலேயே வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி ஒலித்தது. ஒலித்த பிறகு அந்தப் பெண் மூச்சு எடுப்பாள், கவனித்தால் கேட்கும். அவள் மூச்சு எடுக்கும்போது நானும் எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல நானும் வாய்விட்டுச் சொன்னேன். ஐந்தாம் நடைமேடை. ஊர்ப் பெயர், நடுவில் வருகிற மாதிரி. பார்த்து ஏறுங்கள். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. சிரிப்பு மட்டும் அவளிடம் இருந்தது.

பையன் கூரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி கூரையைப் பார்த்தான். "அம்மா, இது..." என்றான். "ஆமாம்" என்றேன். "தினமும் இதைக் கேட்டுத்தானே ஏறினேன். ஏன் சொல்லவேயில்ல?" என்றான். 

அப்போது பதிமூன்றாம் நடைமேடைக்கு அறிவிப்பு வந்தது. அந்த வேறு குரல். அவர் முதல்முறையாகத் தலைநிமிர்ந்தார். "இதுக்கு ஏன் நீ இல்ல?" என்றார். உண்மையாகவே மறந்துபோயிருந்தார், அண்ணா. அந்த நடைமேடை கட்டியபோது என் பழைய அதிகாரி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, அரை மணி நேரம் வந்து பேசிவிட்டுப் போனால் போதும் என்று கேட்டார். நான் உள்ளே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"நீங்கதான் வாசல்ல நின்னு, பார்த்துக்கலாம் சார்னு சொல்லி அனுப்பினீங்க" என்றேன்.

அவர் பெஞ்சிலிருந்து எழுந்துகொண்டார். "நீங்க போங்க, நான் பஸ்ஸுல வர்றேன்" என்றார். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கிற தூரம்தான். அந்த வழியில் பஸ்ஸே கிடையாது. நாங்கள் வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார். யாரையும் பார்க்காமல் மேஜையில் உட்கார்ந்து, "எழுது. வேலைய தொடருவாள்னு எழுது. அந்தப் பார்த்துக்கலாம் மட்டும் வேண்டாம்" என்றார். இன்று காலையில் சமையலறை ஜன்னலில் குரல் கேட்டபோது, வழக்கமாக எழுந்து போய்ச் சாத்துகிறவர், சாத்தவில்லை. சாத்தாமல் உட்கார்ந்திருப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்கும்தான்.

ஆனால் அவர் பதில் உங்களுக்கு வேண்டியதில்லை. பையன் பதில் அவன் வாயிலேயே இருக்கிறது. ராத்திரி என்னிடம் இப்படிச் சொல்லிப் பார்த்தான்: லீவு முடிந்ததும் போவாள். வண்டி தாமதமானால் நான் போய்க் கூட்டி வருவேன், ஏன் என்று கேட்க மாட்டேன். குழந்தை வந்தால் லீவு எடுப்பாள், திரும்பிப் போவாள், பார்த்துக்கொள்ள நானும் இருக்கிறேன். காலை அடுப்படியில் எனக்கும் கை இருக்கிறது. இவ்வளவையும் மாட்டுக்கு மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரி சொன்னான். உங்கள் பெண் நேரில் கேட்கட்டும். தடுமாறினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த வீட்டில் யாரும் இதுவரை நேராகப் பதில் சொல்லிப் பழகவில்லை.

ஒரே ஒரு குறை. உங்கள் பெண் ஏறப் போவது உங்கள் ஊர் வண்டி. பதிமூன்றாம் நடைமேடை. அங்கே நான் இல்லை, இனி இருக்கவும் போவதில்லை. மற்ற பன்னிரண்டிலும் அந்தப் பெண் யார் யாரையோ வழியனுப்பிக்கொண்டிருக்கட்டும்.

இவளுக்குத் தினமும் காலையில் வாசலில் நின்று நானே சொல்லிவிடுகிறேன்: பதிமூன்றாம் நடைமேடை. பார்த்து ஏறும்மா.

தங்கை